எஸ்க்யூஎல் என்ற கம்பெனியில் மூன்று வருட அனுபவம்

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச்சந்தை. மலையிலிருந்து ஆடும் மனுஷரும் ஒன்றாக இறங்கும் நாள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை பீஞ்சமந்தையிலிருந்து எங்கள் சீனியர் அக்கா ஒருவர் கீழே வந்திருந்தார். ஆடு விற்க இல்லை, வேலைக்கு விண்ணப்பம் போட. வீட்டில் சிக்னல் ஒரு கோடு வந்தால் அன்றைக்குத் திருவிழா, அதனால் இந்த வேலையெல்லாம் கீழே வந்துதான் ஆகவேண்டும். பிரவுசிங் சென்டரில் ஒரு கம்பெனியின் தளத்தைத் திறந்து ரெஸ்யூமேவை ஏற்றினார். சக்கரம் சுற்றியது. ஏற்றிய கோப்பைத் தானே படித்து அந்தத் தளம் படிவத்தை நிரப்பிக் கொடுத்தது.

முதல் பெயர்: CAREER. கடைசிப் பெயர்: OBJECTIVE. கைப்பேசி எண்: காலி. மின்னஞ்சல்: காலி. பணி அனுபவம்: SQL, 2021 முதல் 2024 வரை.

"தம்பி, நான் எப்போடா எஸ்க்யூஎல்-ல வேலை பார்த்தேன்?" என்றார் அக்கா. சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார். இதே கோப்பை அதற்கு முன் இருபத்து மூன்று கம்பெனிகளுக்கு அனுப்பியிருந்தார். அவற்றில் பாதிக்கு மேல் இப்படி நிரப்பிக் காட்டாதவை. "நன்றி, உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்று ஒரு வரி, அவ்வளவுதான். அங்கெல்லாம் அவர் பெயர் என்னவாகப் பதிவாகியிருக்கும்?

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும். கோபம் எனக்கு மூன்று பேர் மேல். ஐம்பது ரூபாய்க்கு அழகான டெம்ப்ளேட் விற்பவர்கள், அதுதான் நல்லது என்று வகுப்பெடுக்கும் வேலைவாய்ப்புப் பயிற்சியாளர்கள், தான் படித்ததை நமக்குத் திருப்பிக் காட்டாத கம்பெனிகள். வரிசையாக வருகிறேன்.

முதலில் அந்த ரெஸ்யூமே. இந்நேரம் வகுப்பில் பாதிப் பேர் கையில் இருப்பது அதே அச்சுதான், சொன்னால் அடையாளம் தெரியும். மேலே நீலப் பட்டை, அதில் வளைந்த எழுத்தில் பெயர், பக்கத்தில் வட்டத்துக்குள் போட்டோ, கீழே போன் படமும் கடித உறை படமும் போட்டு எண்ணும் மின்னஞ்சலும். அதற்குக் கீழே தாள் செய்தித்தாள் மாதிரி இரண்டு பத்தியாகப் பிரியும். இடப்பக்கம் ஸ்கில்ஸ், ஒவ்வொன்றுக்கும் நேராக முக்கால்வாசி நிரம்பிய ஒரு பட்டை. வலப்பக்கம் படிப்பு. அப்புறம் ஒரு டேபிள். கடைசியில் 'மேலே சொன்னதெல்லாம் உண்மை' என்று உறுதிமொழி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் முதலில் அதைப் பார்க்கப்போவது கண் இல்லை.

பெரிய கம்பெனிகள் விண்ணப்பங்களை ஏடிஎஸ் என்ற மென்பொருளில் வாங்குகின்றன. விண்ணப்பதாரரை வரிசையாகப் பதிந்து, தேடி, அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும் ஒரு பெரிய பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் ஆரக்கிளின் டேலியோ, வொர்க்டே, கிரீன்ஹவுஸ் என்று பல உண்டு. நம் ஊர்க்காரர்களான ஜோஹோவும் ஜோஹோ ரெக்ரூட் என்று ஒன்று செய்து விற்கிறார்கள். இவற்றின் வாசலில் பார்சர் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். நாம் கொடுக்கும் கோப்பிலிருந்து எழுத்தை மட்டும் உருவி எடுப்பது, அதில் தலைப்புகளைக் கண்டுபிடிப்பது, ஒவ்வொரு தலைப்புக்குக் கீழும் இருப்பதைப் பெயர், எண், படிப்பு, வருடம், திறமை என்று கட்டங்களில் போடுவது, இதுதான் அவர் வேலை. பிற்பாடு ஆளெடுப்பவர் ஜாவா தெரிந்த, 2024-ல் முடித்த பி.எஸ்சி. ஆட்களைத் தேடும்போது அந்தத் தேடல் பெரும்பாலும் இந்தக் கட்டங்களிலும் உருவிய எழுத்திலும்தான் ஓடுகிறது. நீலப் பட்டையில் இல்லை.

இப்போது கோளாறு எங்கே நுழைகிறது என்று பார்ப்போம். பிடிஎஃப் கோப்புக்குள் வாக்கியம், பத்தி, டேபிள் என்று நாம் நினைக்கிற எதுவும் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. உள்ளே இருப்பது பெயிண்டருக்குக் கொடுக்கிற கட்டளை மாதிரி ஒன்று:

```
BT
/F1 11 Tf
72 700 Td
(Java) Tj
ET
```

எஃப்1 என்ற எழுத்துருவை 11 அளவில் எடு, இடமிருந்து 72 புள்ளி, கீழிருந்து 700 புள்ளி தள்ளி நில், 'Java' என்று வரை. (ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி. ஏ4 தாள் 595-க்கு 842.) அடுத்த சொல்லுக்கு இன்னொரு கட்டளை. இடப்பக்கப் பத்தி, வலப்பக்கப் பத்தி என்ற தகவல் இதில் எங்கேயும் இல்லை. எந்த உயரத்தில் எந்த எழுத்து என்பது மட்டும்தான். அதிலிருந்து எது எதற்குப் பிறகு வாசிக்கப்படவேண்டும் என்று பார்சர் ஊகிக்கவேண்டும். ஒரே உயரத்தில் இருப்பதெல்லாம் ஒரே வரி என்று எடுத்துக்கொள்வதுதான் எளிமையான ஊகம். ஒரு பத்திக் கடிதத்துக்கு அது சரியாக வரும். அக்காவின் ரெஸ்யூமேயில் இருந்தது இது:

```
SKILLS      EDUCATION
Java        B.Sc Computer Science
SQL         2021 - 2024
HTML        78%
```

நம் கண் நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளியைப் பார்த்ததுமே இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. வரிவரியாகக் குறுக்கே வாசித்தால் கிடைப்பது இது:

```
SKILLS EDUCATION
Java B.Sc Computer Science
SQL 2021 - 2024
HTML 78%
```

இந்த நான்கு வரியை வைத்துக்கொண்டு பார்சர் என்ன செய்யும்? அது முதலில் தலைப்பைத் தேடுகிறது. 'Skills' என்றால் தெரியும், 'Education' என்றால் தெரியும். 'Skills Education' என்பது எதுவும் இல்லை. ஆக இரண்டு தலைப்பும் போச்சு. தலைப்பு போனால் கீழே இருப்பது எந்தப் பகுதி என்று தெரியாது. அடுத்து வருட இடைவெளியைத் தேடுகிறது, ஏனென்றால் ரெஸ்யூமேயில் '2021 - 2024' என்று கோடு போட்ட வருடம் வந்தால் ஒன்று படிப்பு, இல்லை வேலை. அதற்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற சொல் பட்டப் பெயர் இல்லை, 'SQL'. படிப்பு இல்லை என்றால் வேலைதானே? எஸ்க்யூஎல் என்ற கம்பெனியில் (அல்லது பதவியில், யார் கண்டது) மூன்று வருட அனுபவம் இப்படித்தான் பிறந்தது. இயந்திரம் முட்டாள் இல்லை. நாம் கொடுத்த வரியை அது ஒழுங்காகத்தான் வாசித்திருக்கிறது.

இங்கே ஒரு நியாயம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நானும் பயமுறுத்தும் கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன். எல்லாப் பார்சரும் இப்படி இல்லை. நல்லவை நடுவில் மேலிருந்து கீழ்வரை ஓடும் வெள்ளைப் பட்டையைக் கண்டுபிடித்துப் பத்தியைப் பிரித்துவிடும். இதே கோப்பைப் பாப்ளர் தொகுப்பில் வரும் இலவசக் கருவியில் இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்தேன்:

```
pdftotext resume.pdf -
pdftotext -layout resume.pdf -
```

முதல் கட்டளை பத்தியைப் பிரித்து, ஸ்கில்ஸ் தனியாக, படிப்பு தனியாகக் கொடுத்தது. இரண்டாவது, தாளில் இருக்கிற தோற்றத்தைக் காப்பாற்ற முயன்று, குறுக்கே ஒரே வரியாகக் கொடுத்தது. ஒரே கருவி, ஒரே கோப்பு, ஒரு சொல் வித்தியாசம், இரண்டு வேறு ஆட்கள்! விண்ணப்பிக்கிற கம்பெனி எந்த மாதிரி வாசிக்கும் கருவியை வைத்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டார்கள். வெள்ளை இடைவெளி குறுகலாக இருந்தாலோ, நடுவில் ஒரு தலைப்பு இரண்டு பத்தியையும் தாண்டி நீண்டாலோ, கெட்டிக்காரப் பார்சரும் தடுமாறும். ஒரே பத்தியாக எழுதினால் இந்த இரண்டு கட்டளைக்கும் ஒரே விடைதான் வரும். என் வாதம் அவ்வளவுதான்.

அடுத்து டேபிள். இது நம் நாட்டு வியாதி. அமெரிக்க மாணவன் பத்தாம் வகுப்பு மார்க்கை ரெஸ்யூமேயில் போடமாட்டான். நமக்கோ பத்து, பன்னிரண்டு, டிகிரி என்று மூன்று வரி, படிப்பு, கல்லூரி, வருடம், சதவீதம் என்று நான்கு தலைப்பு, கட்டம் கட்டினால்தான் திருப்தி. காரணமும் இருக்கிறது. மூன்றிலும் அறுபது சதவீதம் இருக்கவேண்டும் என்று கேட்கும் கம்பெனிகள் உண்டு, ஆகவே அந்த எண்கள் பளிச்சென்று தெரியவேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால் கட்டம் குறுகலாக இருந்தால் உள்ளே இருக்கிற எழுத்து மடிந்து இரண்டாம் வரிக்குப் போகும்:

```
B.Sc Computer   ABC Arts    2024   78
Science         College
```

குறுக்கே வாசியுங்கள். முதல் வரி 'B.Sc Computer ABC Arts 2024 78'. இரண்டாம் வரி 'Science College'. பட்டம் உடைந்தது, கல்லூரி உடைந்தது, உடைந்த இரண்டு துண்டும் சேர்ந்து உலகத்தில் இல்லாத ஒரு சயின்ஸ் காலேஜ் முளைத்தது. 78 என்பது எதன் 78? அந்த எண்ணுக்கு அர்த்தம் கொடுத்த 'Percentage' என்ற சொல் மூன்று வரி மேலே தலைப்புக் கட்டத்தில் தனியாக நிற்கிறது. கட்டம் போட்ட கோடுகள் பார்சருக்கு எழுத்து இல்லை, வெறும் கோடு. அதைப் பார்த்து 'ஓ, இது டேபிள்' என்று புரிந்துகொள்ளும் பார்சர்கள் இருக்கின்றன. எல்லாமும் அல்ல.

"பிடிஎஃப் வேண்டாம், வேர்டு கோப்பாகக் கொடு, தப்பித்துவிடலாம்" என்று ஒரு நண்பர் சொன்னார். பாதி உண்மை. டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பெயரின் கடைசியில் இருக்கிற `.docx` என்பதை `.zip` என்று மாற்றித் திறந்து பாருங்கள், சத்தியமாகத் திறக்கும். உள்ளே `word/document.xml` என்று ஒரு கோப்பு, அதில்தான் நாம் எழுதியது இருக்கிறது, பத்தி பத்தியாக, ஒழுங்கான வரிசையில். டேபிள் இருந்தால் டேபிள் என்றே சொல்லி வைத்திருக்கும். அந்த விதத்தில் பிடிஎஃபை விட மேல். ஆனால் பக்கத்தின் தலையில், ஹெடர் பகுதியில் எழுதுகிறோமே, அது அந்தக் கோப்பில் இல்லை. `word/header1.xml` மாதிரி வேறு ஒரு கோப்பில் தனியாகக் கிடக்கிறது. உடம்பை மட்டும் வாசிக்கிற பார்சருக்கு ஹெடரில் இருக்கிற பெயரும் போன் நம்பரும் இல்லாதவை. டெக்ஸ்ட் பாக்ஸும் அப்படித்தான், சாதாரணப் பத்தியாக இல்லாமல் வரைபடப் பொருளுக்குள் ஒளிந்திருக்கும். பைத்தான் தெரிந்தவர்கள் சோதித்துப் பார்க்கலாம்:

```
from docx import Document
for p in Document("resume.docx").paragraphs:
    print(p.text)
```

வேர்டு கோப்பை வாசிக்க எந்தப் புது நிரலாளரும் முதலில் எழுதுகிற மூன்று வரி இது. இதில் டேபிளுக்குள் இருக்கிற ஒரு எழுத்துகூட வராது. ஹெடர் வராது. டெக்ஸ்ட் பாக்ஸ் வராது. டேபிளை வாசிக்க `tables` என்று தனியாகக் கேட்கவேண்டும். அப்படிக் கேட்டாலும், பக்கத்தில் அது எந்த இடத்தில் இருந்தது என்ற வரிசை தானாகக் கூட வராது. காசு கொடுத்து வாங்கும் பார்சர்கள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாகத்தான் எழுதப்பட்டிருக்கும். ஆனால் சின்னக் கம்பெனியில் யாரோ நம்மைப் போன்ற ஒருவர் அவசரத்தில் எழுதியதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால்?

சரி, அக்காவின் பெயர் ஏன் 'CAREER OBJECTIVE' ஆனது? இதுதான் எனக்கு வயிறு எரிந்த இடம். பிரவுசிங் சென்டர் அண்ணன் ஆசையாக நீலப் பட்டையை போட்டோஷாப்பில் செய்து, பெயர், எண், மின்னஞ்சல் எல்லாவற்றையும் அதற்குள் எழுதி, மொத்தத்தையும் ஒரே படமாக ஒட்டியிருக்கிறார். படத்துக்குள் இருப்பது எழுத்து இல்லை, நீலப் புள்ளியும் வெள்ளைப் புள்ளியும். ஆகவே பார்சர் உருவிய எழுத்தில் முதல் வரியே 'Career Objective'. ரெஸ்யூமேயில் முதல் வரி பொதுவாகப் பெயர். எனவே கேரியர் என்பவர், இனிஷியலுக்குப் பதில் ஆப்ஜெக்டிவ்! மூன்று வருடம் மலையேறி இறங்கிப் படித்த ஒருத்தியின் பெயரும் எண்ணும் இல்லை, வயலும் வரப்பும் மாதிரி அந்த டெம்ப்ளேட்டின் நீலம் மட்டும் இருக்கிறது.

அந்த முக்கால் பட்டைகளும் அதே கதைதான். ஜாவா எண்பது சதவீதம் என்று காட்டும் பட்டை பிடிஎஃபில் இரண்டு செவ்வகம், ஒன்று சாம்பல், ஒன்று நீலம். உருவும்போது ஒன்றும் வராது. (வந்தாலும் எதில் எண்பது? ஜாவாவைக் கண்டுபிடித்தவருக்கு நூறு என்று வைத்தா?) போன் படமும் உறைப் படமும் சில டெம்ப்ளேட்டில் உண்மையான படமாக இல்லாமல் ஐகான் எழுத்துருவாக இருக்கும். ஃபான்ட் ஆஸம் என்ற எழுத்துருவில் போன் ஐகானுக்கு `f095` என்ற குறியீடு. யூனிகோடில் அது யாருக்கும் ஒதுக்காத தனிப்பட்ட பகுதி. உருவினால் எண்ணுக்கு முன்னால் ஒரு காலிப் பெட்டி வந்து ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் 'Phone:' என்று ஐந்து எழுத்து அடித்தால் போகிற விஷயத்துக்கு இந்தச் சுற்று எதற்கு?

தமிழில் தட்டச்சு செய்கிற நமக்கு இந்த வியாதி புதிதில்லையே, அதுதான் ஆச்சரியம். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்த பக்கத்திலிருந்து காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டினால் என்ன வரும்? `mk;kh`. திரையில் அம்மா, உள்ளே எம் கே அரைப்புள்ளி கே ஹெச். பழைய அரசாணை, பழைய பாடநூல் பிடிஎஃப் எத்தனையில் இதே கூத்து. 2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்ததற்குப் பின்னால் இருந்த தலைவலிகளில் இதுவும் ஒன்று. யூனிகோடில் அடித்த பிடிஎஃபிலேயே 'கொ' என்பதைக் காப்பி செய்தால் கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால் என்று மூன்று துண்டாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரிவதும் கோப்புக்குள் இருப்பதும் ஒன்றல்ல என்று உலகத்தில் வேறு யாரைவிடவும் நமக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும்.

இப்போது பயிற்சியாளர்கள் பக்கம் வருகிறேன். எங்களுக்கு வகுப்பெடுக்க வந்த ஒருவர் (ஊர், பேர் வேண்டாம்) திரையில் இரண்டு ரெஸ்யூமே காட்டினார். ஒன்று வெறும் எழுத்து, இன்னொன்று நம் நீலப் பட்டை. "எதை எடுப்பீங்க?" என்றார். எல்லாரும் நீலம் என்றோம். கைதட்டு. அரை மணி கழித்து அதே வாயால், "எழுபத்தைந்து சதவீத ரெஸ்யூமேவை மனிதன் பார்ப்பதே இல்லை, ஏடிஎஸ் தூக்கி எறிந்துவிடுகிறது" என்றார். அப்படியென்றால் நீலப் பட்டையை யாருக்குக் காட்டப் போகிறோம் சார்? இதைக் கேட்கத் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், ஹி ஹி.

அந்த எழுபத்தைந்து எங்கே பார்த்தாலும் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்கிற யாரும் எந்த ஆய்வில் அளந்தார்கள் என்று காட்டுவதில்லை. பார்சர் யாரையும் தூக்கி எறிவதில்லை என்பதுதான் நான் புரிந்துகொண்டது. எறிவது பெரும்பாலும் மனிதர்கள் வைத்த வடிகட்டிகள். "அறுபது சதவீதம் உண்டா, இல்லையா" என்ற கேள்வி. "பேக்லாக் உண்டா" என்ற கேள்வி. ஹார்வர்டு வணிகப் பள்ளியும் அக்செஞ்சரும் சேர்ந்து 2021-ல் 'ஒளிந்திருக்கும் தொழிலாளர்கள்' பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வேலைக்குத் தகுதியான பலர் மென்பொருளில் வைத்த வடிகட்டிகளால் வெளியே நிற்பதைத்தான் அது பேசியது. வேலையில் ஆறு மாத இடைவெளி இருந்தாலே ஒதுக்கும் வடிகட்டி அதில் ஒன்று. அது பார்சரின் தப்பில்லை, வைத்தவரின் தப்பு. பார்சர் செய்கிற கெடுதல் வேறு மாதிரி, இன்னும் சத்தமில்லாதது. அக்கா நிராகரிக்கப்படவில்லை. அவர் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறார், கேரியர் ஆப்ஜெக்டிவ் என்ற பெயரில், பட்டம் இல்லாமல். பி.எஸ்சி. முடித்தவரைத் தேடினால் வரமாட்டார், அவ்வளவுதான். கிணற்றில் போட்ட கல்.

இந்தப் பயத்தை வைத்து ஒரு வியாபாரமும் நடக்கிறது. ரெஸ்யூமேவை ஏற்றினால் "உங்கள் ஏடிஎஸ் ஸ்கோர் 43" என்று சிவப்பில் காட்டி, பணம் கட்டினால் 92 ஆக்கித் தருகிறோம் என்று சொல்லும் தளங்கள். எந்த ஏடிஎஸ்? எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஸ்கோர் என்று ஒன்று கிடையவே கிடையாது. அந்தத் தளம் தன் இஷ்டத்துக்குப் போட்ட மார்க் அது. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில் நூறு சொற்களை ஒளித்துவைக்கும் தந்திரத்தையும் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். எழுத்தை உருவியதும் நிறம் போய்விடும் என்பதுதான் அந்தத் தந்திரத்தின் அடிப்படை. அதனாலேயே உருவிய எழுத்தைத் திறந்து பார்க்கிறவருக்கு உங்கள் திருட்டும் கருப்பு எழுத்தில் தெரியும். யோசிக்கமாட்டார்களா?

காசில்லாமல் செய்கிற சோதனை இது. பிடிஎஃபைத் திறந்து, `Ctrl+A`, `Ctrl+C`, நோட்பேடில் `Ctrl+V`. போனில் என்றால் எழுத்தை அழுத்திப் பிடித்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, குறிப்பேட்டில் ஒட்டுங்கள். எதையும் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது எழுத்தே இல்லை, போட்டோ. போன் ஆப்பில் ஸ்கேன் செய்த ரெஸ்யூமே பலவும் இந்த வகை. டிசைன் தளங்களில் பிடிஎஃப் எடுக்கும்போது 'flatten' என்ற பெட்டியில் டிக் போட்டாலும் இதே கதி. ஒட்டிய பின் முதல் வரி உங்கள் பெயரா, எண் இருக்கிறதா, வருடம் எதன் பக்கத்தில் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். இது கம்பெனியின் பார்சர் வாசித்ததற்குச் சமம் இல்லை. நோட்பேடில் சரியாக வந்தது அங்கே உடையவும் கூடும். ஆனால் நோட்பேடிலேயே உடைந்திருந்தால் அங்கே உருப்படும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

"எல்லாம் சரி, கடைசியில் மனுஷன்தானே பார்க்கிறான், அழகு வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். நேரில் நீட்டுகிற தாள் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். டிசைன் வேலைக்குப் போகிறவர் தன் படைப்புகளைத் தனியாகக் காட்டட்டும். தளத்தில் ஏற்றுகிற கோப்பு மட்டும் ஒரே பத்தியில், சாதாரணத் தலைப்பில் இருக்கட்டும் என்கிறேன். 1990-களில் அமெரிக்காவில் காகித ரெஸ்யூமேவை ஸ்கேன் செய்து வாசிக்க ரெஸ்யூமிக்ஸ் என்ற மென்பொருள் இருந்த காலத்திலேயே, வெள்ளைத் தாளில் அடி, பத்தி பிரிக்காதே, படம் போடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடமாக அதே அறிவுரை, நாம்தான் ஐம்பது ரூபாய் கொடுத்து அதற்கு நேர் எதிரானதை வாங்குகிறோம்.

ஆனால் பழியை முழுக்க மாணவன் தலையில் கட்டிவிட்டுப் போகமாட்டேன். கம்பெனிகளைக் கேட்கிறேன். வாசித்தது உங்கள் இயந்திரம், தப்பாக வாசித்ததும் அது. வாசித்ததை என் முன்னால் வைத்து "இது சரியா?" என்று கேட்க ஒரு பக்கம் போதும். அக்கா ஏற்றிய தளம் அதைச் செய்தது, அதனால்தான் இந்தக் கூத்தே வெளியே தெரிந்தது. சந்தையில் ஆடு வாங்குகிறவர்கூட முதுகைத் தடவிப் பார்த்து, "இன்னாப்பா, இதுக்கு ரெண்டு பல்லுதானே போட்டிருக்கு?" என்று விற்பவனிடம் கேட்கிறார். தப்பு என்றால் விற்பவன் அங்கேயே மறுத்துச் சொல்லலாம். எங்களுக்கு அந்த வாய்ப்புகூடக் கிடையாதா? என்னைப் பற்றி நீங்கள் எழுதி வைத்திருக்கிற பதிவில் என் பெயர் என்ன என்று தெரிந்துகொள்ள நான் ஏன் கெஞ்சவேண்டும்?

அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினோம். பட்டை போனது, போட்டோ போனது, டேபிள் போனது. முதல் வரியில் பெயர், இரண்டாம் வரியில் எண்ணும் மின்னஞ்சலும், ஹெடரில் இல்லாமல் உடம்பிலேயே. படிப்பு இப்படி ஆனது:

```
EDUCATION
B.Sc Computer Science, 2021 - 2024
ABC Arts College, 78 percentage
```

பிரவுசிங் சென்டர் அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னாமா, லவ் லெட்டர் மாதிரி இருக்கு" என்றார். திரும்ப ஏற்றினோம். சக்கரம் சுற்றியது. எண் வந்தது, மின்னஞ்சல் வந்தது, பட்டம் படிப்புக் கட்டத்தில் வருடத்தோடு உட்கார்ந்தது, எஸ்க்யூஎல் திறமைப் பட்டியலுக்கு இறங்கியது. பணி அனுபவம் காலி. அதுதான் உண்மையும்.

முதல் பெயரும் சரி. கடைசிப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் இனிஷியல், 'M' என்று ஒரே எழுத்து. அடுத்த பக்கத்துக்குப் போக அழுத்தினால் சிவப்பில் வந்தது: கடைசிப் பெயருக்குக் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டுமாம். அக்கா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அப்புறம் 'MM' என்று அடித்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்.